பாதியில் நின்றுபோன ஃபேடு கட்டிங்

முடி வெட்டுவதைப் பற்றி இணையத்தில் எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாமே வெட்டுகிறவருக்குச் சொல்லித் தருபவை. நாற்காலியில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்கிறவன் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும், வெட்டு பாதியில் கெட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நேர்முகத் தேர்வு, ஒரு பக்கத் தலையில் தோல் தெரிகிறது, மறுபக்கம் முடி அப்படியே இருக்கிறது என்ற நிலையில் தனியாக அல்லாடியவன் நான். அந்த நிலைமையில் இன்னொருவர் மாட்டினால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் முடி வெட்டுகிற தாத்தாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. என் அப்பாவுக்கும் அவர்தான் வெட்டினார். ஒரு மர நாற்காலி, ஓரம் ரசம் போன கண்ணாடி, இரண்டு கத்தரி, மூன்று நான்கு சீப்பு, கையால் அழுத்தி வெட்டுகிற பழைய மிஷின், பிளேடு மாட்டுகிற கத்தி. இவ்வளவுதான் அவருடைய கடை. சின்ன வயதிலிருந்து அவரிடம் 'சம்மர் கட்டிங்'தான் வெட்டியிருக்கிறேன். படிப்பு முடிந்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசை. போனில் ஒரு படத்தைக் காட்டினேன். காதுக்கு மேலே தோல் தெரிய ஆரம்பித்து, மேலே போகப் போகக் கருத்து, உச்சியில் அடர்த்தியாக நிற்கிற ஃபேடு.

தாத்தா போனை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியலயே தம்பி. நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். அவர் குரலில் இருந்தது மரியாதை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரின் வேலையைப் பார்க்கிற பார்வை அது. "இது கத்தரியில வராது. மிஷின்ல பண்றது. பேரன் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான். பாத்துப் பண்ணிடுவோம்" என்று உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். ஃபேடு என்பது ஒரே நீளத்தில் ஒட்ட வழிப்பது இல்லை. கீழே தோல், அதற்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர், அப்புறம் ஒன்றாம் நம்பர் சீப்பு மாட்டி மூன்று மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் மாட்டி ஆறு மில்லிமீட்டர் என்று பட்டை பட்டையாக ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைப்பதில்தான் வேலையே இருக்கிறது. முடி வெட்டும் மிஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் திறந்தால் முடி கொஞ்சம் நீளமாக நிற்கும், மூடினால் ஒட்ட வெட்டும். அதை மெல்ல மெல்ல நகர்த்தித்தான் இரண்டு பட்டைகளையும் ஒன்றோடு ஒன்று இழைக்கிறார்கள்.

தாத்தா கொண்டு வந்தது தாடி டிரிம்மர். குறுகலான பிளேடு, பக்கத்தில் நெம்புகோல் கிடையாது, மோட்டாரும் சின்னது. தாடி ஓரத்தைச் சீர் செய்யவும் பிடரியில் கோடு எடுக்கவும் அது போதும். தலை முழுக்க அடர்த்தியாக இருக்கிற முடியை அது இழுத்துப் பிடித்துத் திணறும். எனக்கு அப்போது இந்த வித்தியாசம் தெரியாது, அவருக்கும் அந்தப் பெட்டி புதிது. அதனால் நீங்கள் ஃபேடு கேட்கப் போனால், உட்காருவதற்கு முன்பே மிஷினை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அகலமான பிளேடும் பக்கத்தில் நெம்புகோலும் இருந்தால் அது தலைக்கான மிஷின். அது இல்லாத இடத்தில் ஃபேடு கேட்காமல் கத்தரி வேலை கேட்பதுதான் நல்லது.

வலது பக்கத்தில் ஆரம்பித்தார். சீப்பு மாட்டாமல் காதைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு ஒட்ட எடுத்தார். அப்புறம் மூன்று மில்லிமீட்டர் சீப்பை மாட்டி அதற்கு மேலே ஒரு பட்டை. நிதானமாகத்தான் செய்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் டிரிம்மரைத் தட்டி முடியை உதிர்த்தார். அந்தக் கோட்டைக் கரைக்கலாம் என்று திரும்பவும் காதோரம் கொண்டு வந்தபோது மிஷினின் சத்தம் மாறியது. சீராக இருந்த ரீங்காரம் தணிந்து முனகலானது. அடுத்த நொடி நாலைந்து முடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாத்தா பதறிக் கையை எடுத்தார். சார்ஜ் தீர்ந்திருந்தது.

சார்ஜ் போடலாம் என்றால் ஊரில் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வலது காதுக்கு மேலே வெள்ளையாக ஒரு பட்டை, அதன் மேல் ஸ்கேல் வைத்து வரைந்தது மாதிரி கருப்புக் கோடு. இடது பக்கம் காதை மூடிக்கொண்டு முடி. மறுநாள் காலையில் முன்பின் தெரியாத நாலு பேருக்கு முன்னால் இந்தத் தலையோடு உட்கார வேண்டும் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது. தாத்தா மீது கோபம் வந்தது என்று சொன்னால் பொய். அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியாது. தோளில் போட்டிருந்த துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மிஷின் முடியை வெட்டாமல் இழுக்க ஆரம்பித்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். சார்ஜ் குறைவதும் பிளேடில் எண்ணெய் வற்றுவதும் முதலில் சத்தத்தில்தான் தெரியும், அப்புறம்தான் இழுப்பு. அந்த நிலையில் "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஓட்டினால் முடி ஒரே நீளத்தில் வெட்டுப்படாது, திட்டுத் திட்டாகிவிடும். தாத்தா உடனே நிறுத்தியதால் எனக்குத் திட்டு விழவில்லை, கோடு மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கத்தரியையும் மெல்லிய சீப்பையும் எடுத்தார். "இந்தப் பக்கம் நான் கத்தரியில இறக்கிடறேன் தம்பி. ஆனா தோல் தெரியற அளவுக்குப் போகாது. சீப்போட கனம் நடுவுல நிக்குதுல்ல" என்றார். அதை அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. சீப்பின் மேல் வைத்து வெட்டும்போது, சீப்பு தலைக்கும் கத்தரிக்கும் நடுவில் இருக்கிறது. சீப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுதான் முடியைக் குட்டையாக்க முடியும். நல்ல மெல்லிய சீப்பில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்குக் கீழே மிஷினோ கத்தியோ வேண்டும்.

இடது பக்கத்தை அவர் வெட்டியதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதற்றத்திலும் அது மனதில் நிற்கிறது. கத்தரியின் ஒரு அலகு சீப்போடு ஒட்டி அசையாமல் நின்றது. கட்டை விரல் இருக்கிற அலகு மட்டும் திறந்து மூடியது. சீப்பு காதுக்குப் பக்கத்தில் தலையோடு ஒட்டி ஆரம்பித்து, மேலே ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை விட்டு விலகியது. அந்த விலகல்தான் கீழே குட்டை, மேலே நீளம் என்பதை உண்டாக்குகிறது. சீப்பு நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது, கத்தரியும் நிற்காமல் சப்தித்துக்கொண்டே இருந்தது. அதனால் அந்தப் பக்கம் எந்த இடத்திலும் கோடு விழவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்ததும் ஒரு வகை ஃபேடுதான், தோல் தெரியாத ஃபேடு. எனக்கு அந்தப் பேர் தெரிந்திருந்தால் முதலிலேயே அதைக் கேட்டிருப்பேன். கடைகளில் 'டேப்பர்' என்கிறார்கள்.

வலது பக்கக் கோட்டை அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்: "கோட்ட அழிக்கணும்னா கோட்டுக்கு மேல இருக்கற முடியத்தான் எடுக்கணும். மேல எடுத்தா கோடு மேல ஏறும். அங்க அழிச்சா இன்னும் மேல ஏறும். நெத்திப்பொட்டைத் தாண்டிருச்சுன்னா அப்புறம் விளிம்பே இல்ல. டவுன்ல பெரிய மிஷின் வெச்சிருக்கறவன்ட்ட போய், கோட்டை மட்டும் கரைச்சு விடச் சொல்லு. மேல போக வேண்டாம்னு சொல்லு." காசு நீட்டினேன், வாங்கவே இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய நஷ்டம். பஸ் பிடித்து டவுனுக்குப் போய் ஒரு சலூனில் உட்கார்ந்தேன். கூட்டம் நிறைய, வெட்டியவர் என் வயதுக்காரர், அவசரத்தில் இருந்தார். தாத்தா சொன்னதை அப்படியே சொன்னேன். "பண்ணிடலாம் ப்ரோ" என்றார். மிஷின் ஓடிய பிறகு பார்த்தால், கோட்டைக் கரைக்க ஒரு பட்டை மேலே, அதைக் கரைக்க இன்னொரு பட்டை மேலே என்று போய்க்கொண்டிருந்தார். தலை பக்கவாட்டிலிருந்து உச்சிக்கு வளைகிற மேடு ஒன்று உண்டு. நெற்றிப்பொட்டுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினால் உங்களுக்கே தெரியும். ஃபேடு அந்த மேட்டைத் தாண்டினால் தலை குறுகி நீண்டுவிடும், உச்சி முடி தொப்பி வைத்தது மாதிரி தனியாக உட்காரும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதோடு பொருந்த வேண்டும் என்று தாத்தா வெட்டிய இடது பக்கத்தையும் அதே உயரத்துக்கு வழித்துவிட்டார். பக்கங்கள் குறைந்ததால் உச்சி பெரிதாகத் தெரிகிறது என்று உச்சியிலும் கை வைத்தார்.

என் உச்சியில் இரட்டைச் சுழி. சுழி இருக்கிற இடத்தில் முடி ஒரே திசையில் படுக்காது, வட்டமாகச் சுற்றி முளைக்கும். அங்கே முடி நீளமாக இருந்தால் தன் கனத்திலேயே படிந்துவிடும். மிகவும் ஒட்ட இருந்தாலும் தெரியாது. நடுவாந்திர நீளத்தில்தான் குத்திட்டு நிற்கும். சரியாக அந்த நீளத்துக்குத்தான் அவர் கொண்டுவந்தார். ஈரத்தில் படிந்திருந்தது. காய்ந்ததும் எழுந்து நின்றது. ஜெல் போட்டுப் படிய வைத்து, நான் கேட்காத தலை அலசல், மசாஜ் எல்லாவற்றையும் சேர்த்து பில் போட்டார்கள். கட்டிங்குக்கு மட்டும் ஆகிறதைப் போலப் பல மடங்கு. வீடு திரும்ப இரவாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சிறப்பாக இருக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை முழுக்க, படிக்க வேண்டிய நேரம் முழுக்க, இதிலேயே போய்விட்டது. மறுநாள் அந்த வேலை கிடைக்கவில்லை. முடிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் கேள்வி கேட்கும்போதெல்லாம் என் கை உச்சிக்குப் போய்க்கொண்டே இருந்தது.

சரி, இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது இது. கோடு விழுந்துவிட்டால், அதே நாளில் அதைத் துரத்திக்கொண்டு கடை கடையாகப் போகாதீர்கள். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். தோல் தெரிந்த இடத்தில் பத்து நாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர் வந்துவிடும். அதாவது கீழ்ப்பட்டை தானாகவே ஒன்றாம் நம்பர் நீளத்துக்கு வந்து, கோட்டின் கடுமை பாதி குறைந்துவிடும். அதற்குள் சரி செய்தே ஆக வேண்டும் என்றால், எந்த உயரத்துக்கு மேல் மிஷின் போகக் கூடாது என்பதை வாயால் சொல்லாமல் விரலை வைத்துக் காட்டுங்கள். "மேல போகாதீங்க" என்பதற்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. புருவத்தின் நுனிக்கு நேரே விரல் வைத்து "இதுக்கு மேல வேண்டாம்" என்றால் ஒரே அர்த்தம்தான்.

சில நாள் கழித்து தாத்தாவிடமே போனேன். பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொல்லி, ஐந்து விரலையும் முடிக்குள் விட்டு உச்சியிலிருந்து பிடரி வரை தடவிப் பார்த்தார். "ரெண்டு சுழி இருக்கறது இவன் பாக்கலயா" என்றார். உச்சியைத் தொடக் கூடாது, பக்கங்கள் வளர்ந்து வரட்டும், அதுவரை பிடரியையும் காதோரத்தையும் மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்றார். அப்படி வளர விடும் காலத்தில் தலை அசிங்கமாகத் தெரியாமல் இருப்பதற்கு இந்த ஓரங்கள்தான் காரணம். காதைச் சுற்றியும் பிடரியிலும் சுத்தமாக இருந்தால், நடுவில் முடி எப்படி இருந்தாலும் வளர்க்கிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

பிடரியை எடுக்கும்போது என் முன்னால் புது பிளேடைப் பிரித்து மாட்டினார். அதுவும் முடி படுக்கிற திசையிலேயே இழுத்தார். எதிர்த் திசையில் வழித்தால் இன்னும் மழமழப்பாக இருக்கும்தான், ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு வெட்டுப்பட்ட முனை தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளம் கொப்புளமாக வரும். டவுனில் எதிர்த் திசையில் வழித்ததில் எனக்குப் பின் கழுத்தில் வந்திருந்ததும் அதுதான். அதைக் கிள்ளாமல் விட்டதில் அடங்கியது. அடங்காமல் கெட்டியாகிக்கொண்டே போனால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பக்கங்கள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்த பிறகு தாத்தா முழுதாக வெட்டினார். முதலில் அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொன்னார். நான் அதற்குள் அந்தப் படத்தையே வெறுத்திருந்தேன். "இவன் முடி நேர் முடி. உனக்கு அலை. இவனுக்கு நெத்தி ஒசரம், உனக்குக் கம்மி" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு, பக்கம் ஒட்டி இருக்கறதா, மேல தூக்கி நிக்கறதா?" அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. பக்கம் ஒட்டி இருப்பதுதான் பிடித்திருந்தது. "அப்ப அது போதும்ல. மேல உன் முடி எப்படிப் படுக்குதோ அப்படி விட்டுர்லாம்" என்றார்.

அவருடைய கணக்கு விரல் கணக்கு. உச்சியில் மூன்று விரல், முன்னால் நாலு விரல், காதுக்கு மேலே அரை விரலுக்கும் கம்மி. நம்பர் சொல்லும் கடைகளிலும் இதே அளவைச் சொல்லலாம் என்று அப்புறம் கண்டுகொண்டேன். இரண்டாம் நம்பர் என்பது கிட்டத்தட்ட சுண்டு விரல் கனத்தில் பாதி. தண்ணீரைத் தலை முழுக்க அடிக்காமல் லேசாகத் தெளித்து மட்டும் வெட்டினார். அலை அலையான முடி ஈரத்தில் நீண்டு தொங்கும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிவிடும். முழு ஈரத்தில் சரியாகத் தெரிகிற நீளம் வீட்டுக்குப் போகும்போது குட்டையாகிவிடும். அதனால் அலை முடி, சுருட்டை முடி இருப்பவர்கள் 'இன்னும் ஒரு விரல் விட்டு வெட்டுங்க, காஞ்சப்புறம் பாத்து எடுத்துக்கலாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியில் வந்தது படத்தில் இருந்த வெட்டு இல்லை. பக்கங்கள் கோடு இல்லாமல் இறங்கி, உச்சி படிந்து, சுழி மறைந்து, என் முகத்துக்கு வெட்டியது மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத் தாத்தாவும் இரண்டு அடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து இடது காதோரம் இரண்டே இரண்டு முடியை வெட்டினார்.

இப்போது அவரிடம்தான் வெட்டுகிறேன். பேரன் வாங்கிக் கொடுத்த டிரிம்மரைப் பிடரிக் கோட்டுக்கு மட்டும் எடுக்கிறார். தோல் ஃபேடு வேண்டும் என்று வருகிற பையன்களிடம், "அது என்கிட்ட வராது தம்பி, அதுக்கு மிஷின்காரன்ட்ட போ. தோல் தெரியாம ஒட்டி வேணும்னா உக்காரு" என்று அவரே சொல்லிவிடுகிறார். பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். தோல் ஃபேடு இரண்டு வாரத்திலேயே நிரம்பிக் கலைந்துவிடும், அப்படியே வைத்திருக்க அடிக்கடி கடைக்குப் போக வேண்டும். கத்தரியில் இறக்கியது ஒரு மாதம் வரை உருவம் மாறாமல் தாங்குகிறது. முக்கியமான நாள் ஏதாவது இருந்தால் அதற்குப் பத்து நாள் முன்பே போய் உட்கார்ந்துவிடுகிறேன், அதுவும் காலையில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது. அவருக்கும் கண் அப்போதுதான் தெளிவாக இருக்கிறது.